பலகாரச் சீட்டை இகழ்ந்தவருக்கு

கடந்த இதழில் சேமிப்பைப் பற்றி வந்த கட்டுரை மூன்று விஷயங்களை அடித்துச் சொல்கிறது. சேமிப்பையும் படிப்பையும் உடற்பயிற்சியையும் தள்ளிப்போடுகிறவர்களுக்கு மன உறுதி கிடையாது, உட்கார்ந்து ஒரு முடிவெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது முதலாவது. வட்டியே தராத தீபாவளிப் பலகாரச் சீட்டில் மாதாமாதம் பணம் கட்டும் பெண்களுக்குக் கணக்குத் தெரியவில்லை, அந்தப் பணத்தை நினைத்தபோது எடுக்கக்கூடிய ஃபண்டில் போடவேண்டும் என்பது இரண்டாவது. ‘நிகழ்காலச் சாய்வு’ என்று பொருளாதார அறிஞர்கள் பேசுவதெல்லாம் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கேள்வி கேட்டுக் கிடைத்த சாக்குப்போக்கு என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. இரண்டாவது தவறு மட்டுமல்ல, நம்பிப் பின்பற்றுகிறவர்களின் கைப்பணத்தைக் கரைத்துவிடக்கூடிய அறிவுரை. அதனால்தான் இதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், தள்ளிப்போடுகிறவர் மனத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கட்டுரையாளர் கணக்குத் தெரியாதவர்களைப் பற்றிக் கவலைப்படுகிறவர் என்பதால் இதை அவர் மறுக்கமாட்டார்.

சம்பளம் வந்ததும் 2,000 ரூபாயை ஒதுக்கிவைத்தால், ஜூன் மாதம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்காமல் தப்பிக்கலாம் என்ற நிலையில் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தப்பித்தலின் மதிப்பு அவருக்கு 3,000 ரூபாய். அவர் மனம் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சாய்ந்திருக்கிறது: இன்றைக்கு நடப்பதை முழு எடையில் பார்க்கிறது, இன்றைக்கு இல்லாத எதையும் பத்தில் ஆறு பங்கு எடையில் பார்க்கிறது. சம்பள நாளன்று கணக்கு இப்படி விழும். இழப்பு இன்றைக்கு, ஆகவே முழு 2,000. பயன் பின்னால், ஆகவே 3,000 என்பது 1,800 ஆகத் தெரியும். 200 ரூபாய் நஷ்டம். இந்த மாதம் வேண்டாம் என்கிறது மனம். இப்போது அதே பெண்ணிடம், அதே நாளில், அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து ஒதுக்கலாமா என்று கேளுங்கள். இழப்பும் பின்னால், பயனும் பின்னால். இழப்பு 1,200, பயன் 1,800. 600 ரூபாய் லாபம். கட்டாயம் அடுத்த மாதம் என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, மழுப்பவும் இல்லை. அந்த நாளில் அவருடைய கணக்குப்படி அடுத்த மாதச் சேமிப்பு உண்மையாகவே லாபம். அடுத்த மாதம் வந்ததும் அது ‘இன்று’ ஆகிவிடுகிறது. 2,000 மறுபடி முழு எடைக்கு ஏறுகிறது. 200 ரூபாய் நஷ்டம் திரும்பி நிற்கிறது. இப்படியே பத்து மாதம் போகும். பத்து மாதமும் அவரிடம் உறுதியான முடிவு இருக்கும்.

இதற்குப் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்துவோம். இவர் எதிர்காலத்தை மெய்யாகவே மதிக்காதவர். ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் மதிப்பைப் பத்து சதவீதம் குறைக்கிறார், அதுவும் எல்லா மாதத்துக்கும் ஒரே சீராக. பயன் ஆறு மாதம் தள்ளி என்றால் அவர் கண்ணுக்கு 3,000 ரூபாய் 1,594 ஆகத் தெரியும். 2,000 கொடுக்க மாட்டார். அடுத்த மாதம் கொடுப்பாரா என்றால், இழப்பு 1,800, பயன் 1,435. அப்போதும் மாட்டார். இன்றும் இல்லை, அடுத்த மாதமும் இல்லை, என்றும் இல்லை. கட்டுரையாளர் திட்டவேண்டிய ஆள் எங்காவது இருக்கிறார் என்றால் அது இவர்தான். ஆனால் இவர் எதையும் தள்ளிப்போடுகிறவரே அல்ல. ‘அடுத்த மாதத்திலிருந்து’ என்ற சொல் இவர் வாயில் வராது. கட்டுரை முழுவதும் இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக நினைத்து எழுதப்பட்டிருக்கிறது. தள்ளிப்போடுகிறவரின் அடையாளமே அவர் தூரத்திலிருந்து சரியாக முடிவெடுத்து, கிட்டத்தில் வந்ததும் மாற்றிக்கொள்கிறார் என்பதுதான். முடிவெடுக்கும் திறமை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்வது எப்படி மருந்தாகும்?

இந்தப் பத்தில் ஆறு என்ற ஒற்றை எண், டேவிட் லாயிப்சன் 1997இல் பரவலாக்கிய சுருக்கமான வடிவம். முழு வடிவத்துக்கு அதிபரவளையத் தள்ளுபடி என்று பெயர். பயன் கிட்டத்தில் இருக்கும்போது ஒரு நாள் தாமதம்கூட மதிப்பைச் செங்குத்தாகக் கீழே தள்ளும். தூரத்தில் இருக்கும்போது ஒரு மாதத் தாமதமும் பெரிதாகத் தெரியாது. கணக்கில் மேலே சொன்ன பெண்ணுக்கு நடந்ததுதான் இதிலும் நடக்கிறது. ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் நாம் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

நான் போட்டது தாளில் எழுதிய கணக்கு. நடப்பில் இப்படி ஆட்கள் இருக்கிறார்களா என்று கட்டுரையாளர் கேட்கலாம். இருக்கிறார்கள், பெயர்ப் பட்டியலில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1998இல் அமெரிக்காவில் சுமார் முந்நூறு பேர் வேலைபார்த்த ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தில், ஓய்வூதியச் சேமிப்புக்கு ஊழியர்கள் ஒதுக்கும் தொகை மிகக் குறைவாக இருந்தது. ஓர் ஆலோசகர் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, உடனே சேமிப்பை உயர்த்தச் சொன்னார். கட்டுரையாளர் சொல்லும் மருந்து அப்படியே அங்கே கொடுக்கப்பட்டது. 79 பேர் ஏற்றார்கள். 207 பேர் இப்போது முடியாது என்றார்கள். அந்த 207 பேரிடம் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் வகுத்த வேறொரு திட்டம் வைக்கப்பட்டது: இன்றைக்கு ஒரு காசும் வேண்டாம், இனி வரும் ஒவ்வொரு சம்பள உயர்வின்போதும் மூன்று சதவீதப் புள்ளி தானாகச் சேமிப்புக்குப் போகட்டும், வேண்டாம் என்றால் எப்போதும் விலகிக்கொள்ளலாம். 162 பேர் சம்மதித்தார்கள். சற்று முன்பு முடியாது என்ற அதே மனிதர்கள்.

நாற்பது மாதங்களில் அவர்களுடைய சேமிப்பு சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக ஏறியது. நான்காவது சம்பள உயர்வு வரையில் ஐந்தில் நான்கு பேர் விலகவில்லை. ஆலோசகர் சொன்னதும் அன்றே மன உறுதியோடு உயர்த்திய 79 பேர், ஒன்பது சதவீதத்துக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டார்கள். உறுதி காட்டியவர்களை உறுதி இல்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் தாண்டிப்போனார்கள். அவர்களுடைய குணம் மாறவில்லை, யாரும் அவர்களுக்கு ஊக்கப் பேச்சு நடத்தவில்லை. முடிவெடுக்கும் நாளையும் பணம் பிடிக்கும் நாளையும் பிரித்தார்கள், அவ்வளவுதான். சோம்பல்தான் காரணம் என்ற வாதத்தால் இந்த ஓர் உண்மையை விளக்க முடியுமா? கட்டுரையாளர் முயன்று பார்க்கட்டும்.

இனி சீட்டுக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கட்டுரைமீது உண்மையான கோபம் இங்கேதான் தொடங்குகிறது.

பலகாரச் சீட்டு எப்படி நடக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். தெருவில் ஓர் அக்கா, அல்லது ஒரு மளிகைக் கடைக்காரர், ஒரு தீபாவளி முடிந்ததும் அடுத்ததற்குச் சீட்டைத் தொடங்குவார். மாதம் 300 அல்லது 500 ரூபாய். சம்பளம் வரும் வாரத்தில் வீட்டு வாசலுக்கு வந்து கேட்பார், அட்டையில் குறித்துக்கொடுப்பார். நடுவில் பணத்தைத் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. தீபாவளிக்கு முன்னால் எண்ணெய், வெல்லம், மாவு, இனிப்பு, பட்டாசு, ஒரு பாத்திரம் என்று மொத்தமாகக் கைக்கு வரும். கட்டிய பணத்துக்கு வட்டி என்று ஒன்று கிடையாது. சில இடங்களில் சந்தை விலைக்கு வைத்துப் பார்த்தால் கொஞ்சம் நஷ்டம்கூட இருக்கும். கட்டுரையாளர் இந்தக் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு, கட்டுகிறவர்களை அறியாதவர்கள் என்கிறார்.

வட்டிக்காக அவர்கள் அங்கே போகவே இல்லை. அவர்கள் வாங்குவது பூட்டு. வாசலில் வந்து நிற்கும் ஆள், நடுவில் எடுக்க முடியாத ஏற்பாடு, தவறினால் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சம்: இந்த மூன்றும் சேர்ந்து சம்பள நாளின் 200 ரூபாய் நஷ்டக் கணக்கைச் செல்லாததாக்குகின்றன. முடிவு பதினோரு மாதத்துக்கு முன்பே, எல்லாமே தூரத்தில் இருந்தபோது எடுக்கப்பட்டுவிட்டது. தன் மனம் சம்பள நாளில் என்ன செய்யும் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், அந்த மனத்துக்கு எதிராக முன்கூட்டியே செய்துகொண்ட காவல் இது. ஒரு சிறு வட்டியை அதற்குக் கூலியாகக் கொடுக்கிறார். கணக்கில் தவறு எதுவும் இல்லை.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டானாவோ தீவில் ஒரு கிராமிய வங்கியோடு சேர்ந்து நாவா அஷ்ராஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் மூவரும் இதையே சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். அந்த வங்கியில் ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்களிடம் ஒரு புதுக் கணக்கு முன்வைக்கப்பட்டது. வட்டி சாதாரணக் கணக்கில் உள்ள அதே வட்டி. ஒரே வித்தியாசம், அவரவரே குறிக்கும் தேதி வரும் வரையில் அல்லது அவரவரே குறிக்கும் தொகை சேரும் வரையில், பெரிய அவசரம் தவிர, பணத்தை எடுக்க முடியாது. கட்டுரையாளரின் கணக்குப்படி இதை ஒருவரும் வாங்கக் கூடாது. ஒரு நன்மையும் கூடுதலாக இல்லை, ஓர் உரிமை மட்டும் பறிபோகிறது. நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேர் வாங்கினார்கள். முன்பே கேட்ட கேள்விகளில் ‘இன்று என்றால் சிறு தொகை, ஆறு மாதம் கழித்து என்றால் காத்திருந்து பெரிய தொகை’ என்று மாற்றிச் சொன்ன பெண்கள் அதிகமாக வாங்கினார்கள். அதாவது யாருக்கு இந்தச் சாய்வு இருந்ததோ அவர்கள் பூட்டைத் தேடிப் போனார்கள். ஓர் ஆண்டு கழித்து, இந்தக் கணக்கு முன்வைக்கப்பட்ட குழுவின் சராசரிச் சேமிப்பு, முன்வைக்கப்படாத குழுவைவிட 81 சதவீதப் புள்ளி கூடுதலாக வளர்ந்திருந்தது. வாங்காதவர்களையும் சேர்த்துத்தான் அந்தச் சராசரி.

நம் பக்கத்திலும் சாட்சி இருக்கிறது. மைசூரில் தரவுப் பதிவு செய்யும் ஓர் அலுவலகத்தில் சுப்ரீத் கவுர், மைக்கேல் கிரெமர், செந்தில் முல்லைநாதன் மூவரும் நடத்திய சோதனையில், ஊழியர்கள் விரும்பினால் தங்களுக்கே ஓர் இலக்கு வைத்துக்கொள்ளலாம். இலக்கை எட்டினால் வழக்கமான கூலி. எட்டாவிட்டால் பாதிக் கூலி. எட்டினாலும் ஒரு பைசா கூடுதல் இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான தடவைகளில் அவர்கள் இந்தத் தண்டனையைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சம்பள நாள் நெருங்க நெருங்க அவர்களுடைய உழைப்பு கூடியதும் அந்த ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது. கூலி கிட்டத்தில் தெரியும்போது கை வேகமாக ஓடியது. சம்பளத்துக்குப் பிந்தைய நாள்களில் மெதுவாகத் தட்டச்சு செய்த அதே விரல்கள்தான் அவை.

சென்னையில் ஃபிராங்க் ஷில்பாக் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவர்களிடம் செய்த ஆய்வைக் கட்டுரையாளர் கட்டாயம் படிக்க வேண்டும். பகலில் குடிக்காமல் இருந்தால் கூடுதல் பணம் என்று மூன்று வாரம் நடந்த சோதனை அது. 229 பேர் பங்கேற்றார்கள். நிபந்தனையே இல்லாத பணமா, குடிக்காமல் இருந்தால் மட்டும் கிடைக்கும் பணமா என்று அவர்களிடமே கேட்கப்பட்டது. கொஞ்சம் பணத்தை இழந்தாலும் பரவாயில்லை, நிபந்தனைதான் வேண்டும் என்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். நாள் முழுவதும் பாரம் இழுத்து, உடல் வலிக்காகக் குடிக்கும் மனிதர்கள், தங்கள் சொந்தப் பணத்தில் தங்கள் கையைக் கட்டிக்கொள்ள முன்வந்தார்கள். குடி குறைந்தவர்களின் சேமிப்பு ஏறக்குறைய 60 சதவீதம் கூடியது. மேடைகளில் ‘இவர்களுக்கு நாளையைப் பற்றிய நினைப்பே இல்லை’ என்று பேசப்படுகிறவர்கள் இவர்கள். நாளையை நினைக்காதவர் எவரும் நாளைக்காகப் பணத்தை இழக்கமாட்டார்.

இனி கட்டுரையாளர் சொல்லும் மாற்று வழியைப் பாருங்கள். சீட்டை நிறுத்து, நினைத்தபோது எடுக்கக்கூடிய ஃபண்டில் போடு. செல்போனில் இரண்டு தட்டு தட்டினால் மாதத் தவணையை நிறுத்திவிடலாம், இன்னும் இரண்டு தட்டு தட்டினால் சில நாள்களில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். வருமானத்தில் மிச்சம் அதிகம் உள்ளவருக்கு இது வசதி. சம்பள நாளில் மனம் சாயும் ஒருவருக்கு, அவரிடம் இருந்த ஒரே பூட்டைக் கழற்றி எடுத்துவிட்டுக் கதவின் அழகைப் பற்றிப் பேசுவது இது. சீட்டில் 12 மாதம் கட்டி முடித்தவர், ஃபண்டில் மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டால், கட்டுரையாளர் தரும் பத்து சதவீத லாபம் என்ற வாக்குறுதி எதன்மேல் கணக்கிடப்படும்?

சீட்டில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. பதிவு செய்யாத சீட்டுகளில் பணத்தோடு ஓடிப்போனவர்களால் நொந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அந்த ஆபத்துக்குப் பதில், பூட்டும் பாதுகாப்பும் சேர்ந்த இடத்தைக் காட்டுவது. அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு முன்னால் கணக்கை முடிக்க முடியாது, தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், பணத்துக்கு அரசுப் பொறுப்பு. அதற்குப் பணம் வாங்க வீடு தேடி வரும் பெண் முகவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் விழும் நாளிலேயே வங்கி தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. சீட்டின் நல்ல அம்சம் எது என்று புரிந்திருந்தால் கட்டுரையாளர் இவற்றைச் சொல்லியிருப்பார். புரியாததால், வட்டி விகிதத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பூட்டு எல்லோருக்கும் எப்போதும் வேலை செய்யாது என்பதும் உண்மை. பிலிப்பைன்ஸிலேயே ஆனெட் ஜான் நடத்திய இன்னொரு ஆய்வில், தவணை தவறினால் இவ்வளவு அபராதம் என்று தாங்களே குறித்துச் சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தவறிவிட்டார்கள்; சேமிப்பும் நின்றுபோய் அபராதமும் கட்டினார்கள். பலர் மிகச் சிறிய அபராதத்தைக் குறித்திருந்தார்கள். தன் மனம் சாயும் என்று பாதி தெரிந்து, எவ்வளவு சாயும் என்று தெரியாதவர்கள் அவர்கள். அரைகுறையாகப் பூட்டிய பூட்டு, பூட்டே இல்லாததைவிட மோசமாகலாம். இன்னொன்றும் சொல்லவேண்டும்: மாத வருமானம் அரிசிக்கும் வாடகைக்குமே போதாதவர் எதையும் தள்ளிப்போடவில்லை. அவரிடம் ஒதுக்குவதற்கு ஒன்றும் இல்லை. அவருக்கு நிகழ்காலச் சாய்வு என்று பெயர் சூட்டுவதும் கட்டுரையாளர் செய்ததைப் போன்ற அநீதிதான்.

மூன்றாவது வாதத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதைக் கட்டுரையாளர் சரியாக எடுத்துக்கொண்டிருந்தால் விவாதம் பயனுள்ளதாக இருந்திருக்கும். ஆரம்ப கால ஆய்வுகள் பல, பணத்தைப் பற்றிய கேள்விகள்தான். 1981இல் தேலர், இன்று 15 டாலர் பெறுவதற்குப் பதிலாகக் காத்திருக்க எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு 20, ஓர் ஆண்டுக்கு 50, பத்து ஆண்டுக்கு 100 என்பவை நடுமதிப்பு விடைகள். முதல் மாதத்துக்குக் கேட்ட விகிதத்தையே ஒவ்வொரு மாதத்துக்கும் கேட்டிருந்தால் ஓர் ஆண்டுக்கு 470 டாலருக்கு மேல் கேட்டிருக்க வேண்டும். கேட்டது 50. கிட்டத்து மாதம் செங்குத்து, தூரத்து மாதங்கள் சமதளம் என்பது இதில் தெரிகிறது. ஆனாலும் இது வாய்க் கேள்வி, நிஜப் பணம் இல்லை. நிஜப் பணமாக இருந்தாலும், நாளை தருவதாகச் சொல்பவர் தருவாரா என்ற சந்தேகமும், இன்றைய கைமுடையும் விடையை மாற்றிவிடும். தருவதாகச் சொல்பவரை நம்பாமல் இன்றே கேட்பது சாய்வு ஆகாது, விவேகம்.

ஆராய்ச்சியாளர்களே இதை முதலில் கண்டுபிடித்துத் திருத்தியவர்கள். நெட் ஆகன்பிளிக், முரியல் நீடர்லே, சார்லஸ் ஸ்பிரெங்கர் மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் பணத்தை ஒரு பக்கமும் உழைப்பை இன்னொரு பக்கமும் வைத்துச் சோதித்தார்கள். உழைப்பு என்றால் கலங்கிய கிரேக்க எழுத்துகளைப் பார்த்துப் படியெடுப்பது போன்ற சலிப்பூட்டும் வேலை. எந்த வாரம் எவ்வளவு செய்வது என்று முன்கூட்டியே பங்கிடச் சொன்னார்கள். அந்த நாள் வந்ததும் மாற்றிப் பங்கிட வாய்ப்புக் கொடுத்தார்கள். பணத்தில் பெரிய புரட்டல் இல்லை. உழைப்பில் புரண்டது: வேலை இன்றைக்கு என்று ஆனதும், முன்பு தாங்களே ஒதுக்கியதைவிட ஏறக்குறைய ஒன்பது சதவீதம் குறைவாக எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். தங்கள் முதல் பங்கீட்டையே கட்டாயமாக்கிவிடுங்கள் என்று பத்தில் ஆறு பேர் சொன்னார்கள். ஒன்பது சதவீதம் சிறிய எண்தான். ஆனால் படிப்புக்கும் உடற்பயிற்சிக்கும் பொருந்தும் சோதனை இதுதான், ஏனெனில் அவை இரண்டிலும் நாம் செலவழிப்பது பணத்தை விட உடலையும் பொறுமையையும். ஆக, கட்டுரையாளர் சுட்டிய குறை நிஜம். அதைச் சரிசெய்த பிறகும் நிகழ்காலச் சாய்வு அப்படியே நிற்கிறது.

உடற்பயிற்சி பற்றி அவர் எழுதியதற்குச் சுருக்கமாகவே பதில் போதும். ஓர் ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடு, போட்ட பணம் உன்னை ஜிம்முக்கு இழுத்துப்போகும் என்கிறார். ஸ்டெஃபானோ டெல்லாவின்யாவும் உல்ரிக்கே மல்மெண்டியரும் அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் பதிவேடுகளை மூன்று ஆண்டுக்குப் பார்த்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறை வந்தார்கள். ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் முறைக்குப் பத்து டாலர்தான். மாதக் கட்டணம் கட்டியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அது நஷ்டம். இவர்கள் சேரும்போது தங்கள் உறுதியை முழுதாக நம்பியவர்கள். கட்டிய பணம் ஏன் இழுக்கவில்லை என்பதற்குப் பதில் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது: பணம் ஏற்கெனவே போய்விட்டது, அதிகாலை ஐந்தரை மணிக்கு எழுந்திருக்கும் சிரமம் மட்டும் இன்றைக்கு முழு எடையில் நிற்கிறது. வராத ஒவ்வொரு நாளுக்கும் அன்றே ஏதாவது இழப்பு இருந்தால்தான் அது பூட்டு. வாசலில் காத்திருக்கும் ஒரு தோழி, ஆண்டுக் கட்டணத்தை விட வலுவான பூட்டு.

படிப்பைப் பற்றி அவர் எழுதிய பத்திதான் அதிகத் தீங்கு செய்யக்கூடியது, ஏனெனில் அதை ஆசிரியர்களும் படிப்பார்கள். வயது வந்த மாணவர்களுக்கு இடையிடையே கெடு வைத்து வேலை வாங்குவது அவர்களைக் குழந்தைகளாக்குவது, ஒரே ஓர் இறுதித் தேதியைக் கொடுத்துவிட்டு விலகி நின்றால்தான் பொறுப்பு வரும் என்கிறார். டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்பிராக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, எம்.ஐ.டி.யில் மேலாளர்களாக வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களிடம் நடந்தது. மூன்று கட்டுரைகள் எழுதவேண்டும். ஒரு வகுப்புக்கு ஆசிரியரே சம இடைவெளியில் மூன்று கெடு வைத்தார். இன்னொரு வகுப்பு தன் கெடுவைத் தானே குறித்துக்கொள்ளலாம். குறித்தபின் மாற்ற முடியாது, ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு சதவீத மதிப்பெண் போகும். மூன்றையும் பருவத்தின் கடைசி நாளுக்கே வைத்துக்கொள்ள முழு உரிமை இருந்தது, அதில் ஒரு நஷ்டமும் இல்லை. பெரும்பாலோர் அப்படிச் செய்யவில்லை. அபராதம் விழும் என்று தெரிந்தும் முன்கூட்டிய தேதிகளைத் தாங்களே குறித்தார்கள்.

மதிப்பெண்ணில் முந்தியது ஆசிரியர் கெடு வைத்த வகுப்பு. தாங்களே குறித்தவர்கள் தேதிகளைச் சரியாகப் பரப்பவில்லை. பரப்பியவர்கள் நன்றாகவே செய்தார்கள். அங்கே படித்தவர்கள் நிறுவனங்களில் மேலாளர்களாக இருந்த பெரியவர்கள். அவர்களுக்கே உதவிய மூன்று தேதிகளை, கல்லூரிக்கு முதல் தலைமுறையாக வந்திருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையிடமிருந்து எடுத்துவிட்டு, பருவத் தேர்வு முடிவு வந்ததும் உனக்கு உறுதி போதவில்லை என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் உரிமை கிடையாது.